ஆரி ப்ளவுஸுக்கு விலை சொல்ல நான்கு வழிகள், ஒரே ப்ளவுஸை வைத்து

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். கூடவே, "அக்கா, இந்த மாதிரி போட்டா எவ்வளவு ஆகும்?" என்று ஒரு வரி. வீட்டில் ஆரி போடுகிற எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் தடுமாற்றம். குறைத்துச் சொன்னால் இரண்டு நாள் முதுகு வலிக்க உட்கார்ந்தும் கையில் ஒன்றும் நிற்காது. கூட்டிச் சொன்னால் அந்தப் பக்கத்தில் நீல டிக் விழும், பதில் வராது.

நான் திருமங்கலம் பக்கத்தில் வீட்டிலேயே தையலும் ஆரியும் செய்கிறேன். இத்தனை வருடத்தில் நான்கு விதமாக விலை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிம்பிள், மீடியம், ஹெவி என்று ரகம் பிரித்துச் சொல்வது ஒன்று. எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. பொட்டிக்கில் வேலை வாங்கி அவர்கள் தரும் பீஸ் கூலிக்குச் செய்வது மூன்றாவது. இஞ்சுக்கு இவ்வளவு, புட்டாவுக்கு இவ்வளவு என்று அளந்து சொல்வது நான்காவது. போன தை மாதம் செய்த ஒரு ப்ளவுஸை எடுத்து நான்கிலும் போட்டுப் பார்க்கலாம். ஒரே துணி, ஒரே வேலை என்றால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

மெரூன் பட்டு, சேலையோடு வந்த ப்ளவுஸ் பிட். பின்கழுத்து ஆழமான யு வடிவம். கழுத்து வளைவை நூல் வைத்து அளந்தால் 22 இஞ்சு. முழங்கை வரை கை, கைச்சுற்று 11, இரண்டு கைக்கும் சேர்த்து இன்னொரு 22. இந்த 44 இஞ்சுக்கும் ஒரே பார்டர்: மேலும் கீழும் இரட்டைச் சங்கிலித் தையல் ஜரியில், உள்ளே ஒரு வரி சுகர் பீட்ஸ், நடுவில் இஞ்சுக்கு ஒரு குந்தன் கல், கல்லின் இரு பக்கமும் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட ஜர்தோசிக் கம்பியில் இலை. முன்கழுத்து 18 இஞ்சு, அதற்குச் சங்கிலி வரிகளும் ஒரு சுகர் பீட்ஸ் வரியும் மட்டும். கைகளில் மொத்தம் 30 சின்னப் புட்டா. கடைப்பேச்சில் சொன்னால் 'மீடியம்'.

இதைச் செய்தபோது பக்கத்தில் நோட்டு வைத்து நேரம் குறித்தேன். பார்டர் ஒரு இஞ்சுக்கு 9 நிமிடம்: சங்கிலி நான்கு வரிக்கு 2, சுகர் பீட்ஸ் வரிக்கு 1, கல்லைப் பதித்து ஜரி சுற்றிக் கட்ட 3, ஜர்தோசியை வெட்டிக் கை ஊசியில் கோத்துத் தைக்க 3. முன்கழுத்து இஞ்சுக்கு 3 நிமிடம். புட்டா ஒன்றுக்கு 6 நிமிடம். பார்டருக்கு 396, முன்கழுத்துக்கு 54, புட்டாவுக்கு 180, ஆக 630 நிமிடம். அதாவது கணக்குப்படி பத்தரை மணி நேரம் ஊசி கையில் இருக்கும்.

ஊசி கையில் இல்லாத நேரம்தான் பலரும் விடுவது. டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தி, துணி மேல் வைத்து, பொடி கலந்த மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து அச்செடுக்க ஒரு மணி நேரம். பிட் சிறியது என்பதால் ஓரத்தில் வேறு துணி சேர்த்துத் தைத்து ஸ்டாண்டில் இழுத்துக் கட்ட, கழுத்துக்கு ஒரு தடவை, கைக்கு ஒரு தடவை, அரை மணி. முடிந்தபின் பின்பக்க முடிச்சு பார்க்க, தளர்ந்த மணியைச் சரி செய்ய இன்னொரு அரை மணி. வாடிக்கையாளரோடு பேச, ஜரி நிறத்தைச் சேலையோடு ஒப்பிட்டு வாங்க ஒரு மணி. (மதுரைக்கு பஸ் ஏறி விளக்குத்தூண் பக்கம் போனால் அரை நாள். நான் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குவதால் ஒரு ப்ளவுஸுக்கு இவ்வளவுதான் விழுகிறது.) இந்த மூன்று மணியையும் சேர்த்தால் பதின்மூன்றரை. சாமான் செலவு, சிந்தியது உடைந்தது எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குப் பக்கம்.

முதலில் ரகம் பிரித்துச் சொல்லும் வழி. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன்: சிம்பிள் 500, மீடியம் 1,200, ஹெவி 3,000. கேட்ட நிமிடமே பதில் சொல்லலாம், வாடிக்கையாளருக்கும் புரியும், பக்கத்துத் தெரு விலையோடு ஒப்பிட வசதி. இந்த ப்ளவுஸுக்கு 1,200 சொல்லியிருந்தால் சாமான் போக 900. பதின்மூன்றரை மணியால் வகுத்தால் மணிக்கு 67 ரூபாய். மோசம் என்று சொல்ல முடியாது. கெட்டது வேறு இடத்தில் இருக்கிறது.

கண்ணுக்குக் கனமாகத் தெரிவதும் கைக்குக் கனமாக இருப்பதும் ஒன்றல்ல. குந்தன் கல், ஸ்டோன் செயின், பால் செயின் வைத்த டிசைன் போட்டோவில் ஜொலிக்கும். பார்த்தவுடன் ஹெவி என்று தோன்றும். ஆனால் கல் பெரியது, இடத்தை அடைத்துவிடும். செயினை அப்படியே நீட்டி வைத்து நடுநடுவே தைத்துக்கொண்டு போனால் ஒரு கை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அதே அளவுக்குச் சில்க் நூலில் லோடிங் செய்த தாமரை அடக்கமாக, கல்லே இல்லாமல் இருக்கும். "இதுல என்ன இருக்கு, வெறும் நூல்தானே" என்பார்கள். அடியில் நூல் அடுக்கி மேடு எழுப்பி, அதன் மேல் இழை இழையாக மூட வேண்டும். எனக்கு ஒரு சதுர இஞ்சு லோடிங் 25 நிமிடம் பிடிக்கிறது. பிரெஞ்சு நாட் நெருக்கமாக நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

ரகம் பிரித்துச் சொல்பவர் ஏமாறுவது இங்கேதான். கல் டிசைனுக்கு ஹெவி விலை சொல்லி ஆர்டரை விடுவார், நூல் டிசைனுக்கு மீடியம் விலை சொல்லி ஆர்டரைப் பிடிப்பார். கொஞ்ச நாளில் அவரிடம் நஷ்ட வேலை மட்டுமே வந்து சேரும். எனக்கு அது நடந்தது. கைக்கு ஒரு மயில், இரண்டு இஞ்சு உயரம் என்று பேசி மீடியம் விலை சொன்னேன். அச்செடுக்கும் முன் அந்தப் பெண், "கொஞ்சம் பெருசா போடுங்கக்கா, மூணு இஞ்சு" என்றாள். ஒரு இஞ்சுதானே என்று தலையாட்டிவிட்டேன். உயரம் ஒன்றரை மடங்கானால் அகலமும் ஒன்றரை மடங்காகும், நிரப்ப வேண்டிய இடம் இரண்டே கால் மடங்கு. இரண்டு மயிலும் சேர்த்து 5 சதுர இஞ்சு நிரப்பியிருக்க வேண்டியது 11-க்கு மேல் போனது. இரண்டு மணி நேர லோடிங் நாலே முக்கால் மணி ஆனது. விலை அப்படியே. கோடு நீண்டால் நேரம் நீளும், உருவம் வளர்ந்தால் நேரம் பெருகும் என்று ரகப் பட்டியல் எங்கேயும் சொல்வதில்லை.

இரண்டாவது, மணிக் கணக்கு. இதில் முதல் கேள்வி, என் மணி நேரத்தின் விலை என்ன என்பதுதான். மனதுக்குத் தோன்றியதை எழுதக் கூடாது. அந்த நேரத்தில் வேறு என்ன சம்பாதித்திருப்பேன் என்று பார்த்தேன். லைனிங் வைத்து ஒரு ப்ளவுஸ் தைத்தால் எங்கள் ஊரில் 450 வாங்குகிறேன். லைனிங் துணி, நூல், கொக்கி போக 330 நிற்கும். மூன்றரை மணி ஆகும். மணிக்கு 94. ஆரி அதைவிடக் கண்ணையும் கழுத்தையும் வாங்கும் வேலை, அதனால் 100 என்று வைத்தேன். தையல் தெரியாதவர் பக்கத்து ஜவுளிக்கடையில் நின்றால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். எப்படியோ ஒரு நிஜமான மாற்று வேலையை வைத்து அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும்.

பதின்மூன்றரை மணிக்கு 1,350, சாமான் 300, ஊசி, கரண்ட், ஸ்டாண்ட் தேய்மானத்துக்கு 50. ஆக 1,700. ரகக் கணக்கில் சொன்னதைவிட 500 அதிகம். இது நியாயமான எண். ஆனால் இப்படிச் சொல்லி விலை பேச முடியாது.

ஒன்று, வேலை முடிந்தால்தான் மணி தெரியும். விலையோ முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டு, "மணிக்கு நூறு" என்று சொன்ன நிமிடமே எதிரில் இருப்பவர் நம் வேகத்தைச் சந்தேகிக்க ஆரம்பிப்பார். அதில் நியாயமும் இருக்கிறது. கற்று ஆறு மாதம் ஆன ஒருவருக்கு இதே பார்டர் இஞ்சுக்கு 20 நிமிடம் ஆகும். அவர் மணிக் கணக்கில் சொன்னால் என்னைவிட இரு மடங்கு கேட்க வேண்டியிருக்கும், அதுவும் என் வேலையைவிடச் சுமாரான வேலைக்கு. கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தர மாட்டார். தரவும் வேண்டியதில்லை. மூன்று, ஒரே ஆளின் வேகமே நாள் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. காலை வெளிச்சத்தில் 9 நிமிடத்தில் போகும் இஞ்சு, ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் ட்யூப் லைட்டில் 12 நிமிடம் ஆகிறது. மெரூன் துணியில் மெரூன் நூல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மணிக் கணக்கு எனக்கு நோட்டுக்குள் இருக்க வேண்டியது. எதைச் சொன்னாலும் சரியாகச் சொன்னேனா என்று சோதிக்கும் தராசு அது.

மூன்றாவது, பொட்டிக் வேலை. பொட்டிக்காரர் துணி, சாமான், குத்தி வைத்த பட்டர் பேப்பர் எல்லாம் தருவார். நாம் போட்டுக் கொடுத்தால் போதும். இதே மாதிரி ப்ளவுஸுக்கு எனக்குத் தந்த கூலி 700. வாடிக்கையாளரிடம் பேசும் வேலை, வாங்கும் வேலை, வரையும் வேலை மிச்சம், அதனால் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 58 ரூபாய். நான்கில் குறைந்த கூலி இதுதான்.

ஆனாலும் இதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டாண்ட் சும்மா சாய்ந்து கிடக்கும். சும்மா கிடக்கிற மணிக்கு 58 வருவது வரவுதான். கற்று முடித்த புதிதில் இன்னொரு லாபம், அடுத்தவர் சாமானில் கை பழகும், வேகம் ஏறும். முகூர்த்த மாதத்தில் இதற்கு ஒப்புக்கொண்டால்தான் நஷ்டம். 58 ரூபாய் வேலை ஸ்டாண்டில் இருக்கும்போது 100 ரூபாய் வேலை வாசலில் வந்து திரும்பிப் போகும்.

பீஸ் கூலியில் ஒன்று மட்டும் முதலிலேயே பேசிவிட வேண்டும்: பிரித்துப் போடும் வேலை யார் தலையில்? மணி நிறம் மாற்றச் சொன்னார்கள், கை அளவு மாறிவிட்டது என்றால் அந்தக் கூலி தனியா, இல்லையா? ஒரு பொட்டிக்கில் இதைப் பேசாமல் வேலை எடுத்து, ஒரு கை முழுக்க இரண்டு தடவை போட்டேன். கூலி ஒரு தடவைக்குத்தான் வந்தது.

நான்காவதுதான் இப்போது நான் சொல்லும் வழி. இதில் விலை இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு அடிப்படைத் தொகை: அச்சு, ஸ்டாண்ட் கட்டுவது, முடிப்பது, பேச்சு, சாமான் வாங்குவது. டிசைன் சின்னதோ பெரியதோ, இந்த மூன்று மணி பெரிதாகக் குறையாது, ஆகவே 300 ரூபாய். இரண்டாம் துண்டு அளவு. இந்த பார்டர் இஞ்சுக்கு 9 நிமிடம், அதாவது 15 ரூபாய் கூலி, சாமான் மூன்றரை, சேர்த்து 19 என்று வைத்தேன். முன்கழுத்து இஞ்சுக்கு 5-ம் 1-ம், 6 ரூபாய். புட்டாவுக்குக் கூலி 10, சாமான் 4, ஆக 14.

பார்டர் 44 இஞ்சுக்கு 836. முன்கழுத்து 108. புட்டா 420. அடிப்படை 300. கூட்டினால் 1,664. 1,700 என்று சொன்னேன். மணிக் கணக்கில் வந்த எண்ணும் அதுவே, தற்செயல் இல்லை, உள்ளே இருப்பது அதே நிமிடங்கள்தான். வித்தியாசம், இதை வேலை தொடங்குமுன் அளவு டேப்பை வைத்துச் சொல்ல முடிகிறது.

பேரம் பேசும்போதுதான் இதன் சுகம் தெரியும். மெரூன் ப்ளவுஸ் கொடுத்த பெண் கேட்டாள்: "அக்கா, 1,400-க்குள்ள முடிக்க முடியாதா?" முன்பு என்றால் முகத்தைப் பார்த்துக் குறைத்திருப்பேன். இப்போது, "புட்டாவை முப்பதுக்குப் பதிலா பத்தா குறைச்சா 280 குறையும்மா. 1,420 வரும். கைக்கு மேல்பக்கம் வெறுமையா இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டேன். படத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, புட்டா எல்லாமே வேண்டும் என்று 1,700-க்கே ஒப்புக்கொண்டாள். பணம் குறைந்தால் வேலையும் குறையும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டால் பேச்சில் கசப்பு வருவதில்லை.

சின்ன வேலையில் இந்தக் கணக்கு வேறொன்றைக் காட்டியது. இரண்டு கழுத்துக்கும் சங்கிலி, சுகர் பீட்ஸ் மட்டும், மொத்தம் 40 இஞ்சு. ரகப் பட்டியலில் சிம்பிள், தெரிந்தவர் என்றால் 350-க்குக்கூடச் செய்திருக்கிறேன். ஊசி நேரம் இரண்டு மணி, அடிப்படை மூன்று மணி. சாமான் 40 போக 310, ஐந்து மணிக்கு 62 ரூபாய். "சிம்பிள்தானே" என்று நான் கொடுத்ததெல்லாம் ஆடி மாத பொட்டிக் கூலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அளந்து போட்டால் 300-ம் 240-ம், 540 வருகிறது. இப்போது அதற்குக் கீழே சின்ன வேலை எடுப்பதில்லை. ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே டிசைன் என்றால் பட்டர் பேப்பர் ஒன்றுதான், இரண்டாவதுக்கு அடிப்படை 200 போதும் என்று குறைத்துக்கொள்கிறேன். அந்தக் குறைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்த வழி வேலை செய்ய, கையில் நம் சொந்த நிமிடங்கள் இருக்க வேண்டும். அடுத்தவர் சொன்ன இஞ்சு விலையைக் கடன் வாங்கினால் மறுபடி ரகப் பட்டியல்தான். நான் செய்வது, புது பார்டர் வந்தால் ஸ்டாண்டில் ஓரமாக இருக்கும் சேர்த்துத் தைத்த துணியில் மூன்று இஞ்சு போட்டுப் பார்ப்பேன். முதல் இஞ்சைக் கணக்கில் எடுப்பதில்லை, கை அப்போதுதான் டிசைனைப் படிக்கிறது. இரண்டாவது மூன்றாவது இஞ்சின் சராசரியை எடுத்து, ராத்திரி வேகத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவேன். நிரப்பும் உருவம் என்றால் இஞ்சை விட்டுவிட்டுச் சதுர இஞ்சு. படத்தின் மேல் கட்டம் போட்ட தாளை வைத்துக் கட்டத்தை எண்ணினால் போதும். லோடிங் 25 நிமிடம் என்றால் கூலி மட்டும் சதுர இஞ்சுக்கு 42 ரூபாய். இந்த எண் கையில் இருந்திருந்தால் அந்த மயிலுக்குத் தலையாட்டியிருக்க மாட்டேன்.

புதிதாகக் கற்றவர் இஞ்சுக்கு 20 நிமிடம் ஆகிறது என்று 37 ரூபாய் சொல்ல முடியாது. அவர் ஊரில் நடக்கும் விலையை ஒட்டி 19-தான் சொல்ல வேண்டும், நோட்டில் மட்டும் தன் நிமிடத்தை எழுதி வர வேண்டும். 20 நிமிடம் 14 ஆகி, 11 ஆகும்போது கூலி தானாக ஏறும். ஆறு மாதம் எழுதியும் நிமிடம் இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஊசியில்தான் பிரச்சினை. ஆரி ஊசியின் நுனிக் கொக்கி மழுங்கினால் ஒவ்வொரு குத்துக்கும் இழை பிரியும், பட்டு இழுபடும். அல்லது துணி ஸ்டாண்டில் முரசு போல இறுகவில்லை.

"வேற இடத்துல இதே 900-தான்கா" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பொய் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே இருக்கும். அந்த 900 ரூபாய் ப்ளவுஸைப் பார்க்கக் கிடைத்தால் ஒரு இஞ்சில் எத்தனை சங்கிலிக் கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். நெருக்கமாகப் போட்டால் பத்துப் பன்னிரண்டு வரும். ஆறு ஏழு என்றால் சங்கிலிக்கு ஆகும் நேரம் பாதி, அந்தக் கூலியும் பாதி, முறைதான். அப்புறம் முடியும் இடத்தைப் பாருங்கள். சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியை முடிச்சிட்டுப் பூட்டாவிட்டால், ஒரு நுனியை இழுத்தால் வரி முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். கல் பசையில் மட்டும் நிற்கிறதா, சுற்றிலும் தைத்திருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்க்கலாம். பசை மட்டும் என்றால் முதல் இஸ்திரியிலேயே இரண்டு கல் போகும். என் 9 நிமிடத்தில் கல்லுக்கு 3 நிமிடம் போவது இதற்குத்தான். வாடிக்கையாளருக்கு இது வேண்டாம் என்றால் தையலைக் குறைத்து இஞ்சு விலையையும் குறைக்கலாம், ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

அளந்து சொல்லும் வழி கைகொடுக்காத இடமும் உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு நாற்பது ஐம்பது மணி நேர வேலை என்றால் நிமிடங்கள் மட்டும் போதாது. துணி சேலையோடு வந்தது, கெட்டுப்போனால் அதே நிறத்தில், அதே நெசவில் இன்னொன்று கிடைக்காது. மண்ணெண்ணெய் அச்சு வெளிர் பட்டில் சில நேரம் வளையமாகப் படிந்துவிடும். அதனால் மடிப்புக்குள் போகும் ஓரத்தில் முதலில் ஒரு சொட்டு வைத்து, அது காயும் வரை காத்திருப்பேன். கனமான வேலை முடிந்து ஸ்டாண்டிலிருந்து தளர்த்தியதும் துணி உள்வாங்கிச் சுருங்கும். டைலர் குறித்த கழுத்துக் கோட்டை அப்படியே நம்பி வெட்டினால் கழுத்து இறுக்கும். அதனால் கோட்டைத் தாண்டி வெட்டத் துணி விட்டுவைத்து, வேலை முடிந்தபின் மறுபடி அளக்க வேண்டும். தையல் போகும் இடத்தில் கல்லோ மணியோ இருந்தால் மெஷின் ஊசி உடையும். கோட்டிலிருந்து கால் இஞ்சு தள்ளித்தான் முதல் மணி இருக்க வேண்டும், கல் என்றால் அரை இஞ்சு. இந்தக் கவனத்துக்கெல்லாம் இஞ்சு விலை போட முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு அளந்து வந்த தொகையின் மேல் பத்தில் இரண்டு பங்கு கூட்டிச் சொல்கிறேன், ஏன் கூட்டினேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அவசர வேலையிலும் நான் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். நாலு நாளில் வேண்டும் என்றால் ப்ளவுஸின் கைப் பகுதியைத் தோழியிடம் கொடுத்துப் போட வைக்க வேண்டி வரும். கண்ணி இழுக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்தும் கையும் பக்கத்தில் வந்தால் இரண்டு பேர் வேலை என்று பளிச்சென்று தெரியும். இரண்டு கைகளையும் ஒருவர், கழுத்தை ஒருவர் என்று பிரித்தால் ஓரளவு மறையும். ஒரு கை ஒருவர், இன்னொரு கை இன்னொருவர் என்று பிரித்துவிடாதீர்கள்.

ஆக, எது யாருக்கு? கற்று ஒரு வருடம் ஆகாதவர், கைவேகம் நோட்டில் இல்லாதவர், ஆடி மார்கழியில் பொட்டிக் வேலை எடுங்கள். அந்த வேலையிலேயே நிமிடங்களை எழுதி வையுங்கள். வீட்டுக்கு நேராக வரும் வாடிக்கையாளர் மாதம் இரண்டு மூன்று பேராவது இருந்தால் அளந்து சொல்லும் வழிக்கு வந்துவிடலாம். ரகப் பட்டியலையும் முழுக்கத் தூக்கிப்போட வேண்டாம். போட்டோ மட்டும் அனுப்பி விலை கேட்பவருக்கு, "இந்த மாதிரி 1,500-லிருந்து 2,000 வரை வரும், கழுத்து ஆழமும் கை நீளமும் சொன்னா சரியா சொல்றேன்" என்று பதில் அனுப்ப அதுதான் வசதி. அளவு அனுப்புகிறவர் பெரும்பாலும் ஆர்டர் தருகிறார். அனுப்பாதவர் பத்து இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மெரூன் ப்ளவுஸுக்குப் பாதி முன்பணம், 850, பட்டர் பேப்பரைத் துணி மேல் வைக்கும் முன்பே வாங்கிக்கொண்டேன். அச்சு விழுந்தபின் டிசைன் மாற்றினால் அடிப்படைத் தொகை இன்னொரு தடவை என்றும் சொல்லி வைத்தேன். நோட்டில் கடைசியாக எழுதியது: ஊசி நேரம் 10 மணி 50 நிமிடம், கணக்கிட்டதைவிட 20 நிமிடம் அதிகம். இரண்டாவது கையில் ஜர்தோசி ஸ்ப்ரிங் இழுபட்டு நீண்டுவிட்டது, ஏழு இலை பிரித்துப் போட வேண்டியிருந்தது. அடுத்த தடவை அந்தக் கடை ஜர்தோசி வேண்டாம்.